ஒரு கிண்ணம் சாம்பாரில் எவ்வளவு புரதம்? சமையல் குறிப்பின் மொத்தச் சத்தை ஒரு பரிமாறலுக்குப் பிரிக்கும் கணக்கு

சமையல் குறிப்பின் தலைப்பில் "6 பேருக்கு" என்று எழுதியிருக்கும். சேர்த்த பொருள்களின் கலோரியைக் கூட்டி, 6 ஆல் வகுத்து, "ஒருவருக்கு இவ்வளவு" என்று போடுவதுதான் பெரும்பாலானோர் செய்வது. கூட்டலில் தப்பு இருக்காது, வகுத்தலிலும் இருக்காது. தப்பு அந்த 6 இல்தான் இருக்கிறது. அந்த ஆறு பேர் யார், எவ்வளவு சாப்பிடுவார்கள் என்பது குறிப்பை எழுதியவரின் ஊகம். உங்கள் தட்டில் விழுந்தது அந்தப் பங்குதானா என்று அந்த எண்ணால் சொல்ல முடியாது.

சாம்பாரையே எடுத்துக்கொள்வோம். தமிழ் வீடுகளில் புரதம் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது பருப்பு. அது பெரும்பாலும் சாம்பாராகத்தான் இலைக்கு வருகிறது. அதே சமயம், ஒரு பரிமாறலுக்கான கணக்கு மிக எளிதாகத் தவறிப்போவதும் சாம்பாரில்தான். காரணம் தண்ணீர்.

பானைக்குள் போன பருப்பு, எண்ணெய், காய் எதுவும் ஆவியோடு போவதில்லை. கொதிக்கும்போது வெளியேறுவது தண்ணீர் மட்டுமே. தண்ணீருக்குக் கலோரியும் இல்லை, புரதமும் இல்லை. ஆகவே அடுப்பில் ஏற்றியபோது இருந்த மொத்தக் கலோரியும் மொத்தப் புரதமும் இறக்கும்போதும் அப்படியே பானைக்குள் இருக்கும். மாறியது மொத்த எடைதான். கெட்டியாக வைத்தால் அதே சத்து குறைந்த எடைக்குள் அடங்கும், நீர்க்க வைத்தால் அதிக எடையில் பரவும். அதனால் பொருள்களைப் பச்சையாக எடை போட்டு மொத்தத்தைக் கூட்ட வேண்டும். சமைத்து முடித்த பிறகு பானையின் உள்ளடக்கத்தை எடை போட்டு, அந்த எடையால் வகுக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையால் வகுக்கக் கூடாது.

இதற்கு வேண்டியது 5 கிலோ வரை தாங்கும் ஒரு மின்னணுத் தராசு. சமைக்கத் தொடங்கும் முன்பே காலிப் பாத்திரத்தை எடை போட்டு எழுதி வைத்துவிட வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். சாம்பார் கொதித்து இறங்கிய பிறகு பாத்திரத்தின் எடை தெரியாவிட்டால், எல்லாவற்றையும் வேறு பாத்திரத்துக்கு மாற்ற வேண்டியதுதான். அடிக்கடி சமைக்கிற இரண்டு மூன்று பாத்திரங்களின் எடையை ஒரு தாளில் எழுதிச் சமையலறைக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டால் அந்த வேலை ஒரே நாளில் முடிந்துவிடும்.

இனி ஒரு பானை சாம்பார். 200 கிராம் துவரம் பருப்பு, 100 கிராம் உரித்த சின்ன வெங்காயம், 150 கிராம் தக்காளி, காம்பு நீக்கிய கத்தரிக்காய் 200 கிராம், எலுமிச்சை அளவு புளி, 20 கிராம் சாம்பார் பொடி, வதக்கவும் தாளிக்கவும் சேர்த்து 30 கிராம் நல்லெண்ணெய். கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை, உப்பு ஆகியவற்றின் சத்து இந்தக் கணக்கை அசைக்காது, விட்டுவிடலாம்.

பொருளுக்கு எவ்வளவு சத்து என்பதற்கு நமக்குக் கிடைக்கும் நல்ல ஆதாரம், ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017 இல் வெளியிட்ட இந்திய உணவுச் சத்து அட்டவணை. 528 உணவுப் பொருள்களுக்கு, 100 கிராமுக்கு இவ்வளவு என்று அதில் இருக்கிறது. அதன்படி துவரம் பருப்பில் 100 கிராமுக்குப் புரதம் 21.7 கிராம், ஆற்றல் 1384 கிலோஜூல். அந்த அட்டவணை ஆற்றலைக் கிலோஜூலில் தருகிறது. நாம் பேச்சில் கலோரி என்று சொல்வது கிலோகலோரி. 1384 ஐ 4.184 ஆல் வகுத்தால் 331 கலோரி. இந்த வகுத்தலை மறந்துவிட்டு 1384 ஐ அப்படியே கலோரி என்று எழுதினால் மொத்தமும் நான்கு மடங்காகிவிடும். எண்ணெயே 100 கிராமுக்கு 900 கலோரிதான். எந்த உணவுக்காவது அதைத் தாண்டிய எண் வந்தால், அது கிலோஜூல் என்று உடனே தெரிந்துகொள்ளலாம்.

காய்களுக்கும் பொடிக்கும் உள்ள எண்களை முழுமையாக்கி எழுதினால் கணக்கு இப்படி வரும்:

| பொருள் | எடை (கிராம்) | கலோரி | புரதம் (கிராம்) |
|---|---|---|---|
| துவரம் பருப்பு | 200 | 662 | 43.4 |
| சின்ன வெங்காயம் | 100 | 57 | 1.8 |
| தக்காளி | 150 | 30 | 1.4 |
| கத்தரிக்காய் | 200 | 50 | 3.0 |
| புளி (கரைசலில் இறங்கியது) | 15 | 40 | 0.4 |
| சாம்பார் பொடி | 20 | 60 | 2.5 |
| நல்லெண்ணெய் | 30 | 270 | 0 |
| மொத்தம் | | 1169 | 52.5 |

புளியை 20 கிராம் ஊறப்போட்டாலும் பிழிந்த சக்கையைத் தூக்கிப் போடுகிறோம். அதனால் 15 கிராம்தான் உள்ளே போனதாக வைத்திருக்கிறோம். காய்க்கும் அதே நியாயம். அட்டவணையில் உள்ள எண் உண்ணும் பகுதிக்கானது. தோலும் காம்பும் போன பிறகு எடை போட வேண்டும். முருங்கைக்காய் போட்ட சாம்பாரென்றால் மென்று துப்பும் சக்கை தட்டிலேயே நின்றுவிடும். அதைக் காயின் எடையிலிருந்தும் பானையின் எடையிலிருந்தும் கழிக்க முயன்றால் வேலை வளருமே தவிர, பருப்பின் 43 கிராமுக்கு முன்னால் அதனால் ஆகப்போவது எதுவும் இல்லை.

சாம்பார் இறங்கியது. பாத்திரத்தோடு எடை 2740 கிராம். காலிப் பாத்திரம் 840 கிராம். ஆகச் சாம்பார் 1900 கிராம். 1169 ஐ 1900 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்கினால், 100 கிராம் சாம்பாருக்கு 61.5 கலோரி. புரதம் 2.76 கிராம். இந்த இரண்டு எண்களும் கைக்கு வந்துவிட்டால், அதன்பின் யார் எவ்வளவு ஊற்றிக்கொண்டாலும் கணக்குப் போடலாம். 150 கிராம் பிடிக்கும் ஒரு கிண்ணத்தில் 92 கலோரி, 4.1 கிராம் புரதம்.

இதே பானையை "6 பேருக்கு" என்று வகுத்திருந்தால் ஒருவருக்கு 195 கலோரி, 8.8 கிராம் புரதம் என்று வந்திருக்கும். அந்த எண் உண்மையாக வேண்டுமானால் ஒவ்வொருவரும் 317 கிராம் சாம்பார், அதாவது இரண்டு கிண்ணத்துக்கும் மேல், ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஒரு கிண்ணத்தோடு நிறுத்தியவர் தன் கணக்கில் 8.8 கிராம் என்று எழுதியிருப்பார். உள்ளே போனது அதில் பாதிகூட இல்லை. மதியம் ஒரு கிண்ணம், இரவு இட்லிக்கு ஒரு கிண்ணம் என்று சாப்பிட்டுவிட்டு, "பருப்பு நிறைய சாப்பிடுகிறேனே" என்று நினைப்பவருக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும். 1900 கிராம் சாம்பாரில் பருப்பு 200 கிராம். ஒரு கிண்ணத்தில் விழுவது 16 கிராம் பச்சைப் பருப்பு. கையில் அள்ளிப் பார்த்தால் உள்ளங்கையின் குழிகூட நிறையாது.

கணிப்பொறியில் ஒரு விரிதாளில் போட்டு வைப்பவர்களுக்கு இரண்டு சூத்திரங்கள் போதும். B நெடுவரிசையில் பச்சை எடை, C யில் 100 கிராமுக்கான சத்து, D யில் விடை; F1 இல் சமைத்த மொத்த எடை, F2 இல் கிண்ணத்தின் எடை என்று வைத்துக்கொண்டு, D2 இன் சூத்திரத்தை D8 வரை நகலெடுத்தால்:

```
D2:  =B2*C2/100
F3:  =SUM(D2:D8)/F1*F2
```

மேலே உள்ள அட்டவணையை இன்னொரு முறை பாருங்கள். புரதத்தில் 83 விழுக்காடு பருப்பிலிருந்து வருகிறது. கலோரியில் 80 விழுக்காடு பருப்பும் எண்ணெயும் மட்டுமே. தக்காளி 150 கிராமா 180 கிராமா என்று அளப்பதில் செலவாகும் கவனத்தைப் பருப்புக்கும் எண்ணெய்க்கும் திருப்பிவிட்டால் விடையின் தரம் உயரும். எந்தச் சமையல் குறிப்பிலும் இப்படி இரண்டு மூன்று பொருள்கள்தான் கனமானவை. பருப்பு, அரிசி, மாவு, இறைச்சி, எண்ணெய், தேங்காய், சர்க்கரை ஆகியவற்றைத் தராசில் வைத்தே ஆக வேண்டும். கீரையையும் காய்களையும் கண்ணளவில் போட்டால் பெரிதாகக் கெட்டுப்போகாது.

கணக்கு பெரிதாகப் புரளும் முதல் இடம், பச்சைக்கும் வெந்ததற்கும் உள்ள குழப்பம். கைபேசிச் செயலிகளில் "பருப்பு" என்று தேடினால் பச்சைப் பருப்பும் வரும், வெந்த பருப்பும் வரும். பல பதிவுகளில் எது எது என்று எழுதியிருப்பதில்லை. வெந்த பருப்பு தண்ணீர் குடித்து ஊதியிருப்பதால், 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 7 முதல் 9 கிராம்தான் இருக்கும். தராசில் 200 கிராம் பச்சைப் பருப்பை நிறுத்துவிட்டு, செயலியில் 9 கிராம் என்று இருக்கும் பதிவைத் தேர்ந்தெடுத்தால், 43 கிராம் வர வேண்டிய இடத்தில் 18 கிராம் வரும். பானையின் மொத்தப் புரதமே ஏறக்குறைய பாதியாகிவிடும். இறைச்சியில் இதே தவறு எதிர்த் திசையில் நடக்கும்: வெந்த கோழிக்கறியில் தண்ணீர் குறைந்து புரதம் செறிந்திருக்கும் என்பதால், பச்சைக் கறியின் எடைக்கு வெந்த கறியின் எண்ணைப் போட்டால் புரதம் உண்மையைவிட அதிகமாக ஏறிவிடும்.

கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. உலர்ந்த பருப்பு எந்த வகையானாலும் 100 கிராமுக்கு 20 கிராமைத் தாண்டிப் புரதமும் 300 ஐத் தாண்டிக் கலோரியும் இருக்க வேண்டும். அதற்கு வெகு கீழே இருந்தால் அந்தப் பதிவு வெந்த பருப்புக்கானது. இன்னொரு சோதனை: புரதத்தையும் மாவுச்சத்தையும் 4 ஆலும் கொழுப்பை 9 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். துவரம் பருப்புக்கு 21.7 கிராம் புரதம், 55.2 கிராம் மாவுச்சத்து, 1.6 கிராம் கொழுப்பு. கூட்டினால் 322 வரும். நார்ச்சத்து தரும் சிறு பங்கையும் நினைவில் வைத்தால் 331 க்கு இது பொருந்தும். கூட்டிய எண்ணுக்கும் எழுதியிருக்கும் கலோரிக்கும் ஐம்பது அறுபது வித்தியாசம் இருக்கிற பதிவை யாரோ அவசரத்தில் ஏற்றியிருக்கிறார்கள். அதைத் தொடாதீர்கள்.

அடுத்த புரட்டல் எண்ணெயில். "ஒரு கரண்டி எண்ணெய்" என்பதில் எந்தக் கரண்டி? 5 மில்லி டீஸ்பூனில் எண்ணெய் ஏறக்குறைய 4.6 கிராம், 41 கலோரி. 15 மில்லி மேசைக்கரண்டியில் 14 கிராம், 123 கலோரி. வீட்டுக் குழிக்கரண்டி இந்த இரண்டுமல்ல. ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் அளவு. மில்லியையும் கிராமையும் ஒன்றாக நினைப்பதும் சிறு பிழையைக் கொண்டுவரும்: ஒரு லிட்டர் எண்ணெய்ப் பொட்டலத்தின் எடை 910 கிராம் என்றுதான் அச்சிட்டிருப்பார்கள். கரண்டியை விட்டுவிட்டு எண்ணெய்ப் பாட்டிலையே தராசில் வைப்பது நல்லது. பாட்டிலை வைத்து `TARE` பொத்தானை அழுத்திச் சுழியமாக்குங்கள். வேண்டியதை ஊற்றிவிட்டுப் பாட்டிலைத் திரும்ப வையுங்கள். திரையில் −30 என்று வந்தால், 30 கிராம் கடாய்க்குள் போயிருக்கிறது. வதக்கும்போது கொஞ்சம், தாளிக்கும்போது கொஞ்சம் என்று இரண்டு தடவை ஊற்றினாலும் கடைசியில் ஒரே முறை பார்த்தால் போதும்.

பொரிக்கும் பண்டங்களில் ஊற்றிய எண்ணெய் முழுவதும் உள்ளே போவதில்லை. அங்கே கடாயை எண்ணெயோடு முன்னும் பின்னும் எடை போட வேண்டும். இரண்டு முறையும் எண்ணெய் ஆறியிருக்கட்டும், கொதிக்கும் கடாயைத் தராசில் தூக்கி வைக்கக் கூடாது. 20 மெதுவடை பொரித்த பிறகு கடாய் 80 கிராம் குறைந்திருந்தால் ஒரு வடைக்கு 4 கிராம் எண்ணெய், 36 கலோரி. எண்ணெயில் தங்கிய மாவுத் துணுக்குகளை வடித்துவிட்டு எடை போட வேண்டும். வடையை ஒற்றி எடுத்த காகிதம் குடித்த எண்ணெயையும் கழிக்கலாம். வெளியே தெறித்தது இந்தக் கணக்கில் வடையின் தலையில்தான் விழும். அதனால் விடை உண்மையைவிடச் சற்று அதிகமாகவே நிற்கும்.

சாம்பாருக்குத் திரும்புவோம். 100 கிராமுக்கு இவ்வளவு என்ற எண், பானை முழுவதும் ஒரே சீராகக் கலந்திருக்கிறது என்ற நம்பிக்கையில் நிற்கிறது. சாம்பாரை அரைமணி நேரம் அசையாமல் வைத்துப் பாருங்கள். மேலே தெளிவாகப் புளித்தண்ணீரும் மிதக்கும் எண்ணெயும், அடியில் பருப்பு. முதலில் மேலாக ஊற்றிக்கொண்டவருக்கு எண்ணெயும் தண்ணீரும் கிடைக்கும். கடைசியில் அடியைச் சுரண்டியவருக்குப் பருப்பு முழுவதும் போகும். ஒருவர் தட்டில் குறைந்த புரதம் இன்னொருவர் தட்டில் கூடியிருக்கும், பானையின் மொத்தம் மட்டும் சரியாக இருக்கும். பருப்பைக் குக்கரில் நன்றாக வேகவைத்து மசித்துச் சேர்த்தால் படிவது தாமதமாகும். எப்படியானாலும் ஒவ்வொரு முறை ஊற்றும் முன்பும் அடிவரை கரண்டியை விட்டுக் கலக்கி எடுப்பது கணக்கின் ஒரு பகுதி என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

மறுநாள் சுட வைக்கும்போது எண்கள் மாறும். 900 கிராம் மீந்திருக்கிறது என்று வைப்போம். அதில் 554 கலோரியும் 24.9 கிராம் புரதமும் இருக்கின்றன. இரண்டு முறை கொதிக்கவிட்டதில் சுண்டி 780 கிராம் ஆகிவிட்டது. இப்போது 100 கிராமுக்கு 71 கலோரி, 3.2 கிராம் புரதம். அதே 150 கிராம் கிண்ணத்தில் நேற்று 92 கலோரி, இன்று 107. இட்லிக்கு ஊற்றத் தண்ணீர் விட்டு நீர்க்க வைத்தால் இதற்கு எதிராக நடக்கும். முதல்நாள் எண்ணை மறுநாளும் அப்படியே போடாமல், சுட வைத்த பின் பாத்திரத்தை ஒரு முறை தராசில் வைத்துவிட்டால் முடிந்தது. மீதியில் இருக்கும் மொத்தம் தெரியும். வகுக்கும் எடை மட்டும் புதியது.

கலக்கினாலும் சீராகாத பண்டங்கள் இருக்கின்றன. கோழிக்குழம்பு அப்படிப்பட்டது. அதில் துண்டும் குழம்பும் இரண்டு வேறு உணவுகள். மொத்தப் பானையை ஒன்றாக வகுத்தால் யாருக்கும் பொருந்தாத ஓர் எண்தான் கிடைக்கும்.

தோல் நீக்கி எலும்போடு வெட்டிய 1000 கிராம் கோழி. சாப்பிட்டு முடித்த பின் எல்லாத் தட்டுகளிலிருந்தும் எலும்பைச் சேர்த்து நிறுத்தால் 280 கிராம். ஆகக் கறி 720 கிராம். தோல் இல்லாத பச்சைக் கோழிக்கறியில், பகுதியைப் பொறுத்து 100 கிராமுக்கு 18 முதல் 22 கிராம் வரை புரதம் இருக்கும். 20 என்று வைத்தால் மொத்தம் 144 கிராம். பானையின் உள்ளடக்கம் 2200 கிராம். ஒன்றாக வகுத்தால் 100 கிராம் குழம்புக்கு 6.5 கிராம் புரதம்.

இப்போது துண்டுகளை மட்டும் ஒரு தட்டில் எடுத்து நிறுக்கிறோம். எலும்போடு 820 கிராம். எலும்பைக் கழித்தால் வெந்த கறி 540 கிராம். 144 கிராம் புரதத்தை 540 ஆல் வகுத்தால் 100 கிராம் வெந்த கறிக்கு 26.7 கிராம். வெந்த கோழிக்கறிக்கு அட்டவணைகள் சொல்லும் எண்ணும் ஏறக்குறைய இதுதான் என்பதால் கணக்கு நேராகப் போகிறது என்று தெரிகிறது. கறியிலிருந்து கொஞ்சம் புரதம் குழம்பில் இறங்கும். அது சிறிதுதான், பொருட்படுத்த வேண்டியதில்லை.

ஒருவர் 150 கிராம் துண்டுகளும் 50 கிராம் குழம்பும் போட்டுக்கொள்கிறார். சாப்பிட்ட பின் தட்டில் 50 கிராம் எலும்பு. உள்ளே போன கறி 100 கிராம், புரதம் 26.7 கிராம். பானைச் சராசரியை நம்பியிருந்தால் 200 கிராமுக்கு 13 கிராம் என்று எழுதியிருப்பார். குழம்பை மட்டும் ஊற்றிச் சோறு பிசைந்த இன்னொருவருக்கும் அதே 13 கிராம் எழுதப்பட்டிருக்கும், உண்மையில் அவருக்கு ஏறக்குறைய ஒன்றும் கிடைக்கவில்லை. ஆனால் கலோரி அவருக்குக் கிடைக்கிறது. எண்ணெய், தேங்காய் அரைத்தது, வெங்காயம், மசாலா எல்லாம் சேர்ந்து குழம்பில்தான் இருக்கின்றன. 45 கிராம் எண்ணெயும் 100 கிராம் தேங்காயும் போட்ட குழம்பில் அந்த இரண்டு மட்டுமே 800 கலோரிக்கு மேல். அதனால் குழம்பின் பொருள்களைத் தனியாகக் கூட்டி, குழம்பின் எடையான 1380 கிராமால் தனியாக வகுப்பதுதான் முறை. மீன்குழம்பு, முட்டைக்குழம்பு, பிரியாணி எல்லாவற்றுக்கும் இதே வழி. முட்டைக்குழம்பில் இன்னும் சுலபம்: முட்டையை எண்ணிவிடலாம்.

எண்ணிக்கையால் வகுப்பது சரியாக வரும் பண்டமும் உண்டு, இட்லிதான் அது. தட்டின் குழி எல்லாம் ஒரே அளவு. 400 கிராம் இட்லி அரிசியில் 1404 கலோரி, 31.2 கிராம் புரதம். 100 கிராம் உளுத்தம் பருப்பில் 324 கலோரி, 23.1 கிராம் புரதம். மொத்தம் 1728 கலோரி, 54.3 கிராம் புரதம். அந்த மாவு முழுவதையும் ஒரே நாளில் ஊற்றி 36 இட்லி வந்தால் ஒன்றுக்கு 48 கலோரி, 1.5 கிராம் புரதம்.

ஆனால் எந்த வீட்டிலும் மாவு ஒரே நாளில் தீர்வதில்லை. முதல்நாள் இட்லி, மறுநாள் தோசை, மூன்றாம்நாள் ஊத்தப்பம். எனவே அரைத்து உப்புப் போட்டுக் கரைத்தவுடன் மாவை எடை போட்டுவிட வேண்டும். 1250 கிராம் வந்தால் 100 கிராம் மாவுக்கு 138 கலோரி, 4.3 கிராம் புரதம். இதைக் கப்பால் அளந்தால் கெட்டுவிடும். புளித்துப் பொங்கிய மாவு பாத்திரத்தின் விளிம்பைத் தொடும். உள்ளே இருப்பது காற்றுக் குமிழிகள். கொள்ளளவு கூடினாலும் எடை ஏறக்குறைய மாறாது. காலையில் பொங்கி நிற்கும் மாவில் ஒரு கப்பும், கலக்கிக் குளிர்பெட்டியில் வைத்த பின் மறுநாள் எடுத்த ஒரு கப்பும் ஒன்றல்ல.

தோசைக்கு ஊற்றும் போது மாவுப் பாத்திரத்தையே தராசில் வைத்துச் சுழியமாக்கி, ஒரு கரண்டி எடுத்துப் பாருங்கள். −70 என்று காட்டினால் அந்தத் தோசையில் மாவின் கலோரி 97, புரதம் 3 கிராம். சுற்றிலும் விட்ட ஒரு டீஸ்பூன் எண்ணெய்க்கு 41 சேர்த்தால் 138. நீர்க்கக் கரைப்பதற்காக மாவில் தண்ணீர் விட்டிருந்தால், விட்ட தண்ணீரின் எடையையும் மாவின் எடையோடு சேர்த்துப் புதிதாக வகுத்துவிட்டு, அதன்பிறகு கரண்டியை எடுக்க வேண்டும்.